தொடுகோடு, வெட்டுக்கோடு நீளக் கணக்கு: விடை தவறினால் எங்கே பார்ப்பது

வட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடும் வெட்டுக்கோடும் வரைந்து நீளம் கேட்கும் கணக்குகளுக்குத் தேவைப்படும் உறவு ஒன்றே ஒன்றுதான். அதை மனப்பாடமாகச் சொல்பவர்களுக்கும் விடை தவறிவிடுகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒரு நீளத்தை எந்தப் புள்ளியிலிருந்து அளக்கத் தொடங்குகிறோம் என்பதில் வரும் குழப்பம். கீழே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்து, அது எதனால் வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் திருத்துவது என்று பார்க்கலாம்.

முதலில் பெயர்கள். வெளியே உள்ள புள்ளி P. தொடுகோடு வட்டத்தைத் தொடும் இடம் T. P-யிலிருந்து கிளம்பும் வெட்டுக்கோடு வட்டத்துக்குள் நுழையும் இடம் A, வெளியேறும் இடம் B. இன்னொரு வெட்டுக்கோடு இருந்தால் அதற்கு C, D. மையம் O, ஆரம் r. வட்டத்துக்கு வெளியே கிடக்கும் PA-வை வெளித்துண்டு என்றும், உள்ளே இருக்கும் AB-யை நாண் என்றும், இரண்டும் சேர்ந்த PB-யை முழு நீளம் என்றும் அழைப்போம். உறவு இதுதான்:

PT² = PA × PB = PC × PD

இதில் வரும் ஐந்து நீளங்களும் P-யில்தான் தொடங்குகின்றன. AB இந்த வரியில் எங்குமே இல்லை.

சரிபார்க்க ஒரு கருவி

விடை வந்ததும் அதே சூத்திரத்தில் திரும்பப் போட்டுப் பார்ப்பதால் பயன் குறைவு. சூத்திரத்தையே தவறாக எழுதியிருந்தால் அந்தத் தவறு அப்படியே ஒத்துப்போகும். வேறு வழியில் சரிபார்க்க வேண்டும். நாண் AB-யின் நடுப்புள்ளியை M என்று வையுங்கள். அப்போது

PT² = PM² − AM²

இது எங்கிருந்து வருகிறது? மையத்திலிருந்து நாணின் நடுப்புள்ளிக்கு வரையும் கோடு நாணுக்குச் செங்குத்து. ஆகவே பிதாகரஸ் தேற்றப்படி OP² = PM² + OM²; அதேபோல் r² = AM² + OM². ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் OM² நீங்கி, OP² − r² = PM² − AM² ஆகிறது. தொடுபுள்ளியில் ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து என்பதால் OP² − r² என்பது PT²-தான். PM − AM என்பது PA, PM + AM என்பது PB. எனவே மூல உறவுக்கும் இதுவே ஒரு நிரூபணமாகிவிடுகிறது.

இந்தச் சோதனைக்கு ஆரமோ மையமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். A, B வழியாக எத்தனை வட்டங்கள் வரைந்தாலும், P-யிலிருந்து அவை எல்லாவற்றுக்கும் தொடுகோட்டின் நீளம் ஒன்றேதான்.

அறிகுறி 1: தொடுகோட்டின் நீளம் குறைவாக வருகிறது

கணக்கு: வெளித்துண்டு 4, நாண் 5. தொடுகோடு எவ்வளவு?

தவறான விடை 4 × 5 = 20, வர்க்கமூலம் ஏறக்குறைய 4.47. சரியான வழி: முழு நீளம் 4 + 5 = 9; 4 × 9 = 36; தொடுகோடு 6. நடுப்புள்ளிச் சோதனை: PM = 4 + 2.5 = 6.5. 6.5² − 2.5² = 42.25 − 6.25 = 36. ஒத்துப்போகிறது.

இங்கே பலர் நம்பும் ஒரு குறுக்குச் சோதனை கைவிட்டுவிடும். தொடுகோட்டின் நீளம் வெளித்துண்டைவிடப் பெரிதாகவும் முழு நீளத்தைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் 4.47-ம் 4-க்கும் 9-க்கும் இடையில்தான் விழுகிறது. நாண் வெளித்துண்டைவிடப் பெரிதாக இருக்கும்போதெல்லாம் இந்தத் தவறு அந்தச் சோதனையைத் தாண்டிவிடும். நாண் சிறிதாக இருந்தால் மட்டுமே பிடிபடும். உதாரணமாக வெளித்துண்டு 9, நாண் 7 என்றால் தவறான வழி √63, அதாவது சுமார் 7.94 தரும். அது வெளித்துண்டைவிடச் சிறியது, ஆகவே நடக்க முடியாதது. சரியான விடை 9 × 16 = 144, அதாவது 12.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது? வட்டத்துக்குள்ளே இரண்டு நாண்கள் வெட்டிக்கொள்ளும் தேற்றத்தை முதலில் படித்திருப்போம். அங்கே நாணின் இரண்டு துண்டுகளையும் பெருக்குகிறோம். ‘துண்டுகளைப் பெருக்கு’ என்று மனதில் பதிந்துவிடுகிறது. வெளிப்புள்ளிக்கு வந்ததும் கண்ணுக்குத் தெரியும் இரண்டு துண்டுகள் PA-வும் AB-யும். உள்ளே இருந்தபோதும் நாம் உண்மையில் செய்தது வெட்டும் புள்ளியிலிருந்து வட்டம் வரை இருபுறமும் அளந்ததைத்தான். அந்தப் பழக்கத்தை வெளியேயும் வைத்துக்கொண்டால் P-யிலிருந்து A வரை, P-யிலிருந்து B வரை என்று தானாக வந்துவிடும்.

வடிவொத்த முக்கோணங்கள் வழியாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. PTA, PBT என்ற இரண்டு முக்கோணங்களுக்கும் P-யில் உள்ள கோணம் பொது. தொடுகோட்டுக்கும் நாண் TA-வுக்கும் இடைப்பட்ட கோணம், எதிர்ப்புற வட்டத்துண்டில் B-யில் உள்ள கோணத்துக்குச் சமம். எனவே PT / PB = PA / PT. முதல் முக்கோணத்தின் பக்கங்கள் PT, TA, PA. இரண்டாவதன் பக்கங்கள் PB, BT, PT. AB என்பது இந்த இரண்டில் எதற்கும் பக்கமே அல்ல. அதனால் விகிதத்தில் அதற்கு இடமும் இல்லை.

அறிகுறி 2: இரண்டு வெட்டுக்கோடுகளின் நீளங்கள் ஒத்துவரவில்லை

கணக்கு: PA = 3, AB = 5, PC = 4. நாண் CD எவ்வளவு?

சரியான வழி: PB = 8, பெருக்கற்பலன் 24. PD = 24 ÷ 4 = 6. CD = 6 − 4 = 2. கடைசிக் கழித்தலை மறந்து 6 என்றே விடை எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கேட்டது நாணா, முழு நீளமா என்று கேள்வியை இன்னொரு முறை வாசிப்பதுதான் அதற்கு மருந்து.

தவறான விடைகள் இரண்டு வகை. CD = 3.75 என்று வந்திருந்தால் 3 × 5 = 4 × CD என்று எழுதியிருக்கிறீர்கள்; அது முதல் அறிகுறியில் பார்த்ததேதான். நடுப்புள்ளிச் சோதனையில் போட்டால் முதல் கோடு 5.5² − 2.5² = 24 தரும், இரண்டாவது 5.875² − 1.875² = 31 தரும். இரண்டும் சமமாக இல்லை.

PD சுமார் 10.67, அதாவது CD சுமார் 6.67 என்று வந்திருந்தால் காரணம் வேறு. அங்கே 3 / 8 = 4 / PD என்று எழுதியிருக்கிறீர்கள். PAC, PBD என்ற முக்கோணங்கள் வடிவொத்தவை என்று எடுத்துக்கொண்டதன் விளைவு இது. AC-யும் BD-யும் இணையாக இருந்தால் மட்டுமே அது சரி. பொதுவாக வடிவொத்தவை PAC-யும் PDB-யும்; முனைகளின் வரிசை தலைகீழாக மாறுகிறது. இதில் குழப்பம் வராமலிருக்க A-யை D-யோடும் C-யை B-யோடும் இணைத்து, PAD, PCB என்ற முக்கோணங்களை எடுப்பது நல்லது. P-யில் உள்ள கோணம் பொது. D-யிலும் B-யிலும் உள்ள கோணங்கள் ஒரே வில் AC-யைத் தாங்குகின்றன, ஆகவே சமம். PA / PC = PD / PB என்று நேராக வந்துவிடும்.

இந்த இரண்டாவது வகைத் தவறைக் கணக்குப் போடாமலே பிடிக்கலாம். பெருக்கற்பலன் மாறாதது என்பதால், வெளித்துண்டு பெரிதானால் முழு நீளம் சிறிதாக வேண்டும். எனவே நாண் குறுக வேண்டும். வெளித்துண்டு 3-லிருந்து 4-க்குக் கூடியிருக்கும்போது நாண் 5-லிருந்து 6.67 ஆக வளர முடியாது. வெளித்துண்டை மேலும் மேலும் பெரிதாக்கிக்கொண்டே போனால் நாண் குறுகி, √24 என்ற அளவில், அதாவது சுமார் 4.9-ல் நாண் ஒரு புள்ளியாகிறது. அதுவே தொடுகோடு. அதற்கு மேல் வெளித்துண்டு இருக்கவே முடியாது.

அறிகுறி 3: இருபடிச் சமன்பாடு விசித்திரமான மூலங்களைத் தருகிறது

கணக்கு: தொடுகோடு 8, நாண் 12. வெளித்துண்டு எவ்வளவு?

வெளித்துண்டு x என்றால் முழு நீளம் x + 12.

x(x + 12) = 64
x² + 12x − 64 = 0
(x + 16)(x − 4) = 0

x = 4. முழு நீளம் 16. சோதனை: PM = 10, AM = 6, 100 − 36 = 64.

மற்றொரு மூலம் −16. குறையெண்ணைத் தள்ளிவிடுகிறோம், சரி; ஆனால் அதன் அளவு 16, அதாவது முழு நீளமேதான். இது தற்செயலல்ல, எப்போதும் அப்படித்தான் வரும். ஆகவே காரணிப்படுத்தியபின் நேர் மூலத்தோடு நாணைக் கூட்டிப் பாருங்கள். குறை மூலத்தின் அளவு வர வேண்டும். இங்கே 4 + 12 = 16. வராவிட்டால் காரணிப்படுத்தியதில் பிழை. விடை 16 என்று எழுதியவர்கள் குறி மாற்றி வெளித்துண்டுக்குப் பதில் முழு நீளத்தை எழுதிவிட்டார்கள்.

தன்மைகாட்டி குறையெண்ணாக வந்தால், எண்கணிதத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், சமன்பாட்டை எழுதிய வரிக்கே போங்கள். நாண் c, தொடுகோடு t என்றால் சமன்பாடு x² + cx − t² = 0; அதன் தன்மைகாட்டி c² + 4t². இது ஒருபோதும் குறையெண்ணாக முடியாது. மேலே உள்ள கணக்கில் x(12 − x) = 64 என்று எழுதினால்தான் 144 − 256 என்று சிக்கிக்கொள்வோம். அந்த வரி P புள்ளி A-க்கும் B-க்கும் நடுவில் கிடப்பதாகச் சொல்கிறது.

இதே தவறு மூலங்களை அழகாகத் தரும்போதுதான் உண்மையான ஆபத்து. தொடுகோடு 4, நாண் 10 என்று எடுத்துக்கொள்ளுங்கள். x(10 − x) = 16 என்று எழுதினால் x² − 10x + 16 = 0; மூலங்கள் 2, 8. முழு எண்கள் வந்துவிட்டதால் விடை சரியென்றே தோன்றும். ஆனால் வெளித்துண்டு 2 என்றால் முழு நீளம் 12, பெருக்கற்பலன் 24, 16 அல்ல. சரியான சமன்பாடு x² + 10x − 16 = 0; விடை −5 + √41, சுமார் 1.40. அழகில்லாத எண்தான், ஆனாலும் அதுவே சரி. இரண்டு மூலங்களும் நேரெண்களாக வந்தாலே சந்தேகப்படுங்கள். சரியாக எழுதிய சமன்பாட்டில் மூலங்களின் பெருக்கற்பலன் −t², ஆகவே ஒன்று கட்டாயம் குறையெண்ணாக இருக்கும்.

அறிகுறி 4: தொடுகோடு OP-யைவிட நீளமாக வருகிறது

இது நடக்க முடியாதது. OTP முக்கோணத்தில் செங்கோணம் T-யில் இருக்கிறது, OP கர்ணம். எனவே மையம் சம்பந்தப்பட்ட கணக்குகளில் முதலில் பார்க்க வேண்டியது, PT என்பது OP-யைவிடச் சிறிதா என்பதே.

இதற்கு ஒரு வட்டத்தை நிலையாக வைத்துக்கொள்வோம்: ஆரம் 5, OP = 13. தொடுகோடு √(169 − 25) = 12.

13.93 என்று வந்திருந்தால் வர்க்கங்களைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறீர்கள். செங்கோணத்தை O-வில் இருப்பதாக நினைத்த பிழை.

வேறொரு வழியிலும் இதே அறிகுறி வரும். இதே வட்டத்தில் ஒரு வெட்டுக்கோட்டின் வெளித்துண்டு 9 என்று கொடுத்திருக்கிறார்கள். ஆரம் 5 என்பதால் நாண் 10 என்று எடுத்தால் 9 × 19 = 171, தொடுகோடு சுமார் 13.08. இது 13-ஐத் தாண்டிவிட்டது. பிழை, ஒவ்வொரு வெட்டுக்கோடும் மையம் வழியாகப் போவதாக எண்ணியது. மையம் வழியாகப் போகும் ஒரே கோட்டின் வெளித்துண்டு 13 − 5 = 8. 9 என்று கொடுத்திருந்தாலே அது மையத்தைத் தவறவிட்டுச் செல்லும் கோடு, அதன் நாண் 10-ஐவிடக் குறைவு என்று புரிந்துகொள்ள வேண்டும். சரியான முழு நீளம் 144 ÷ 9 = 16; நாண் 7. இந்த நாண் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று இரண்டு வழியில் கண்டு சரிபார்க்கலாம். ஆரத்தின் பக்கமிருந்து: 25 − 3.5² = 12.75. P-யின் பக்கமிருந்து: PM = 12.5, 169 − 156.25 = 12.75. இரண்டும் ஒன்றே, தூரம் சுமார் 3.57.

‘புள்ளி வட்டத்திலிருந்து 8 அலகு தூரத்தில் உள்ளது’ என்ற வாக்கியத்தில் கவனம் வேண்டும். அது வட்டத்தின் மிக அருகிலுள்ள புள்ளிவரை உள்ள தூரம், மையம்வரை அல்ல. 8-ஐ OP என்று எடுத்தால் √39, சுமார் 6.24 வரும். தொடுபுள்ளியும் வட்டத்தின் மேல்தானே இருக்கிறது? மிக அருகிலுள்ள புள்ளியே 8 தூரத்தில் இருக்கும்போது அது 6.24 தூரத்தில் இருக்க முடியாது.

OP ஆரத்தைவிடச் சிறிதாக வந்தால் P வட்டத்துக்குள்ளே இருக்கிறது, தொடுகோடே கிடையாது. ஒரே புள்ளியிலிருந்து வரையும் இரு தொடுகோடுகள் சமமாக வராவிட்டால், இயற்கணிதக் கோவைகளில் ஒன்றைச் சரியாகப் படிக்கவில்லை என்று பொருள். அதில் ஆராய வேறொன்றுமில்லை.

அறிகுறி 5: கணக்கு 12 என்கிறது, வரைந்து அளந்தால் 12.4 வருகிறது

மேலே சொன்ன வட்டத்தைச் சென்டிமீட்டரில் காகிதத்தில் வரைந்து, அளவுகோலை வட்டத்தோடு ஒட்டிவைத்துத் தொடுகோடு இழுத்தால் இது நடக்கும். கணக்கில் பிழையில்லை. தொடுபுள்ளியைக் கண்ணால் குறித்ததுதான் பிரச்சினை.

தொடுபுள்ளியிலிருந்து கோட்டின் வழியே s தூரம் விலகினால், கோட்டுக்கும் வட்டத்துக்கும் இடையிலான இடைவெளி ஏறக்குறைய s² / 2r. ஆரம் 50 மில்லிமீட்டர், பென்சில் கோட்டின் தடிமன் கால் மில்லிமீட்டர் என்று வைத்தால் s = 5 மில்லிமீட்டர் வரை இரண்டும் ஒட்டியபடியே தெரியும். அதாவது தொடுபுள்ளிக்கு இருபுறமும் சேர்த்து 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு எந்த இடத்தை வேண்டுமானாலும் T என்று குறிக்கலாம்போல் இருக்கும். 4 மில்லிமீட்டர் பிழை அதற்குள் அடங்கிவிடுகிறது.

நீங்கள் குறித்த புள்ளி உண்மையிலேயே வட்டத்தின் மேல் 12.4 தூரத்தில் இருந்தால் என்ன பொருள்? 144 ÷ 12.4 என்பது சுமார் 11.61. அந்தக் கோடு தொடுகோடே அல்ல, 11.61-ல் உள்ளே நுழைந்து 12.4-ல் வெளியேறும் வெட்டுக்கோடு. நாணின் நீளம் சுமார் 8 மில்லிமீட்டர், ஆனால் வட்டத்துக்குள் அது இறங்கும் ஆழம் 0.16 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது. யூக்ளிட் தம் மூன்றாம் நூலின் 37-ஆம் தேற்றத்தில் சொல்லும் மறுதலை இங்கே உதவுகிறது: P-யிலிருந்து வந்து வட்டத்தைச் சந்திக்கும் ஒரு கோட்டின் நீளத்தின் வர்க்கம் PA × PB-க்குச் சமமாக இருந்தால் அந்தக் கோடு தொடுகோடுதான்.

திருத்த இரண்டு வழிகள். முதலாவது, T-யை வரைமுறையாகக் குறிப்பது. OP-யின் நடுப்புள்ளியில் கவராயத்தின் முள்ளை வைத்து 6.5 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். அது முதல் வட்டத்தை வெட்டும் இரண்டு இடங்களே தொடுபுள்ளிகள். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதால் ஆரமும் தொடுகோடும் அங்கே செங்குத்தாகச் சந்திக்கின்றன. இரண்டு வட்டங்களும் நல்ல சாய்வில் வெட்டிக்கொள்வதால் புள்ளி கூர்மையாகக் கிடைக்கும்.

இரண்டாவது, கோடு ஏற்கெனவே இழுத்தாகிவிட்டது என்றால், கோடும் வட்டமும் ஒட்டித் தெரியும் பகுதியின் இரு முனைகளையும் மெல்லியதாகக் குறித்து, அவற்றின் நடுவரை அளப்பது. மேலே உள்ள கோட்டில் 11.61-க்கும் 12.4-க்கும் நடுவே சுமார் 12.01 வருகிறது, அளவுகோலில் அது 12-தான்.